நாற்பத்து மூன்றுக்குக் கையெழுத்து போடலாம், ஐந்துக்குக் கூடாது

கேள்வி: ஐயா, சென்னைக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். பி.டி. ஸ்லாப், அதாவது காங்கிரீட் இறுகிய பிறகு உள்ளே உள்ள கம்பிகளை ஜாக்கால் இழுத்துப் பூட்டும் போஸ்ட்-டென்ஷன் தளம். ஒரு பகுதியில் 12 டென்டன், ஒவ்வொன்றிலும் ஒரே டக்ட் குழாய்க்குள் நாலு ஸ்ட்ராண்ட் கம்பி. நீளம் 30 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் இழுப்பது. முதல் நாள் 25 சதவீதம், நாலாம் நாள் முழு விசை. இழுக்கும் முன்பே, ஆங்கருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வாலில் பெயிண்ட் குறி போட்டோம். கடைசியில் லாக் ஆன பிறகு அளந்தோம். கணக்கிட்ட நீட்சி 193 மி.மீ. வந்தது பெரும்பாலும் 174 முதல் 181. 7-ஆம் டென்டனில் நாலுமே 112 முதல் 115தான். 3-ஆம் டென்டனில் ஒரே ஒரு ஸ்ட்ராண்ட் 206. ஒப்பந்தத்தில் ±5 சதவீதம் என்று இருக்கிறது. பி.டி. ஆட்கள், "கேஜ் எல்லாத்துலயும் கரெக்டா வந்துடுச்சு சார், டக்ட்ல உராய்வு ஜாஸ்தி, அதான் கம்மி. 206 நல்லாவே வந்திருக்கு. நாளைக்கு வால் வெட்டணும், கையெழுத்து போடுங்க" என்கிறார்கள். ரெக்கார்டு ஷீட்டையும் காயில் சர்டிஃபிகேட்டையும் இணைத்திருக்கிறேன். போடலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒரு போன் செய்து நாளைக்கு வால் வெட்டுவதை நிறுத்துங்கள். டக்டுக்குள் சிமெண்ட் குழம்பு செலுத்தும் கிரவுட்டிங்கும் வேண்டாம். வாலை வெட்டிவிட்டால் ஜாக்கை மறுபடி மாட்ட இடம் இருக்காது. கிரவுட் உள்ளே போய்விட்டால் எதையும் திருத்த முடியாது. அந்த இரண்டும் நடக்காதவரை உங்கள் கையில் எல்லா வழியும் இருக்கிறது.

உங்கள் ஷீட்டை உட்கார்ந்து பார்த்தேன். 48 ஸ்ட்ராண்டில் 43 நன்றாகவே இருக்கின்றன, கையெழுத்து போடலாம். 7-ஆம் டென்டனின் நாலுக்கும், எல்லோரும் நல்லது என்று சொல்லும் அந்த 206-க்கும் போடக் கூடாது. ஷீட்டில் உள்ள சதவீத நெடுவரிசையைப் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். குறைவாக வந்த 43-உம் தோல்வி, 206 ஏறக்குறைய தேர்ச்சி என்று அது காட்டுகிறது. அந்த நெடுவரிசையே தவறான எண்ணோடு ஒப்பிட்டுப் போடப்பட்டது என்பதுதான் காரணம்.

193 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டிசைனர் எழுதிய கணக்கு இதுதான்:

```
Pav = P0 × (1 − e^−(μα + kL)) / (μα + kL)
Δ   = Pav × L / (A × E)
```

P0 என்பது ஜாக்கில் கொடுக்கும் விசை. 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டின் குறைந்தபட்ச முறிவு விசை 183.7 கிலோநியூட்டன், அதில் 75 சதவீதம் 138. டென்டன் மூன்று ஸ்பானில் மேலும் கீழும் வளைந்து போவதால் மொத்தக் கோண மாற்றம் 0.5 ரேடியன் என்று எடுத்திருக்கிறார். உராய்வுக் கெழு 0.20. நேராக இருக்க வேண்டிய இடத்திலும் டக்ட் கொஞ்சம் நெளிந்திருக்கும், அதற்காக மீட்டருக்கு 0.004. ஆக அடுக்கில் வருவது 0.10-உம் 0.12-உம் சேர்ந்து 0.22. ஜாக் பக்கம் 138 இருந்தாலும் மறுமுனைக்குப் போகும்போது 111 ஆகிவிடும், சராசரி 124. அந்தச் சராசரியை 30 மீட்டரால் பெருக்கி, குறுக்குப் பரப்பு 98.7 சதுர மி.மீ., மீள்குணகம் 195 ஜிகாபாஸ்கல் இரண்டாலும் வகுத்தால் 193 மி.மீ.

இதில் விசையும் நீளமும் வளைவும் உங்கள் ஸ்லாபுடையவை. 98.7-உம் 195-உம் அப்படியில்லை. அவை டிசைன் செய்யும்போது கையில் இருக்கும் பொது எண்கள். அந்த நேரத்தில் எந்த மில்லின் எந்தக் காயில் வரும் என்று யாருக்கும் தெரியாது. காயில் வந்து இறங்கிய பிறகு அதன் சர்டிஃபிகேட்டில் இருக்கும் பரப்பையும் மீள்குணகத்தையும் வைத்து நீட்சியை மறுபடி கணக்கிட வேண்டும். நம் சைட்களில் இந்த ஒரு வேலை விட்டுப்போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். நீங்கள் அனுப்பிய சர்டிஃபிகேட்டில் பரப்பு 99.8, மீள்குணகம் 201. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் ஒன்றோடொன்று பெருகும்போது கம்பி 4 சதவீதம் விறைப்பாகிவிடுகிறது. அதே விசைக்கு அது 193 நீளாது, 185 மி.மீ.தான் நீளும். உங்கள் ±5-இல் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிட்டது.

அடுத்தது டிரா-இன். ஜாக் விசையை விடும்போது ஸ்ட்ராண்ட் கொஞ்சம் உள்ளே போய், ஆங்கரில் அதைப் பிடிக்கும் வெட்ஜ் ஆப்பைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். உங்கள் ஆங்கருக்கு அது 6 மி.மீ. என்று ஷீட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் வாலை அளந்தது லாக் ஆன பிறகு. அதாவது அந்த 6 மி.மீ. ஏற்கெனவே உள்ளே போன பிறகு. ஆனால் 185 என்பது ஜாக் முழு விசையில் பிடித்திருக்கும் கணத்து நீட்சி. இரண்டையும் ஒரே நிலைக்குக் கொண்டுவர, அளந்ததோடு 6-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஷீட் அதைச் செய்யவில்லை.

இப்போது 43 ஸ்ட்ராண்டையும் பாருங்கள். 174 என்பது 180 ஆகிறது, 185-க்கு 2.7 சதவீதம் குறைவு. 181 என்பது 187. ஒரு சதவீதம் கூடுதல். சராசரி 177 என்பது 183. ஒரு சதவீதம் குறைவு. ஷீட் இதே ஸ்ட்ராண்டுகளுக்கு மைனஸ் 6 முதல் மைனஸ் 10 வரை எழுதி வைத்திருந்தது.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இழுப்பதற்கு முன்பே குறி போட்டதால், டக்டுக்குள் தளர்வாகக் கிடந்த ஸ்ட்ராண்ட் நேராவதற்கு எடுத்துக்கொண்ட தூரமும் உங்கள் 177-க்குள் இருக்கிறது. அது நீட்சி இல்லை. அப்படி 5 மி.மீ. இருந்ததாக வைத்துக்கொண்டாலும் சராசரி மைனஸ் 4-க்குள் நிற்கும், எல்லையைத் தாண்டாது. அதனால்தான் 43-க்கும் துணிந்து சொல்கிறேன். ஆனாலும் இவற்றில் தாழ்வாக வந்த இரண்டு ஸ்ட்ராண்டில் லிஃப்ட்-ஆஃப் பார்த்து ரெக்கார்டில் சேர்த்துவிடுங்கள். லாக் ஆன ஸ்ட்ராண்டில் ஜாக்கை மறுபடி மாட்டி மெதுவாக இழுத்து, எந்த விசையில் வெட்ஜ் எழும்புகிறது என்று பார்ப்பதுதான் அது. உங்கள் டென்டனுக்கு 6 மி.மீ. டிரா-இன்னின் பாதிப்பு, ஜாக் இழுக்கும் முனையான லைவ் எண்டிலிருந்து சுமார் 11.5 மீட்டர் வரை போகும். ஆங்கரில் விசை 138-லிருந்து ஏறத்தாழ 117 கிலோநியூட்டனுக்கு இறங்கியிருக்கும். லிஃப்ட்-ஆஃப் அதை ஒட்டி வந்தால் போதும்.

இனி 7-ஆம் டென்டன். "உராய்வு ஜாஸ்தி" என்ற பதிலை நானும் முப்பது வருடமாகக் கேட்கிறேன். உராய்வு கண்ணுக்குத் தெரியாது என்பதால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிடலாம். ஆனால் கணக்கு அதற்கு இடம் கொடுப்பதில்லை. உராய்வுக் கெழு 0.20-க்குப் பதில் 0.30 என்றே வைத்துப் போட்டுப் பாருங்கள். இந்த 30 மீட்டர் டென்டனில் நீட்சி குறைவது 2.4 சதவீதம், நாலைந்து மி.மீ. அவ்வளவுதான். 7-ஆம் டென்டனில் சராசரி 114, டிரா-இன் சேர்த்து 120. அதாவது 185-க்கு 35 சதவீதம் குறைவு. உராய்வு மட்டுமே இதைச் செய்ய வேண்டுமானால் அடுக்கில் உள்ள 0.22 என்பது 1.2 ஆக வேண்டும், ஐந்து மடங்குக்கு மேல். பக்கத்து டக்டுகளில் எல்லாம் சரியாக இருந்து, இந்த ஒரு டக்டில் மட்டும் உராய்வு ஐந்து மடங்கு அதிகமாகிவிடாது.

அந்த நாலு ஸ்ட்ராண்டையும் ஒவ்வொன்றாகத்தான் இழுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஜாக் பிடித்தது வேறு ஸ்ட்ராண்டை, ஆனால் நாலும் 112-லிருந்து 115-க்குள் வந்திருக்கின்றன. நாலுக்கும் பொதுவாக இருப்பது அந்தத் தட்டையான டக்ட் ஒன்றுதான். டக்டுக்குள் சிமெண்ட் பால் புகுந்து இறுகி, நாலையும் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது. லைவ் எண்டிலிருந்து அந்த இடம் வரைக்கும்தான் கம்பி நீண்டிருக்கிறது, அதற்கப்பால் அசையவே இல்லை.

எந்த இடம் என்பதையும் இந்த 120-ஐக் கொண்டே கண்டுபிடிக்கலாம். மேலே உள்ள கணக்கில் L-ஐத் தெரியாத எண்ணாக வைத்து, நீட்சி 120 மி.மீ. வர எவ்வளவு நீளம் வேண்டும் என்று பின்னோக்கிப் போடுங்கள். நான் போட்டதில் 18.7 மீட்டர் வந்தது. அங்கே முழுவதுமாக இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு, ஆகவே ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். உங்கள் வரைபடத்தில் இரண்டாவது தூண் வரிசை 20 மீட்டரில் இருக்கிறது. டக்ட் 6 மீட்டர் துண்டுகளாக வந்திருந்தால் துண்டுகளை இணைக்கும் மூன்றாவது கப்ளர் 18 மீட்டரில் வரும். தூண்தலையில் மேல் கம்பி நெருக்கமாக இருக்கும், வைப்ரேட்டர் ஊசியை அங்கேதான் அதிகம் குத்துவார்கள். கப்ளரில் டேப் சரியாகச் சுற்றாமல் விட்டதோ, ஊசி இடித்து டக்ட் நசுங்கியதோ, இரண்டில் ஒன்று என்று நினைக்கிறேன். காங்கிரீட் போட்ட அன்று எடுத்த போட்டோக்களில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கிரவுட் குழாய்களில் காற்று அடித்துப் பாருங்கள். லைவ் எண்டிலிருந்து அடித்த காற்று இரண்டாவது தூணுக்கு முன்னால் உள்ள குழாயில் வந்து, அதற்கடுத்த குழாயில் வராவிட்டால் இடம் உறுதி.

இங்கே ஓர் எச்சரிக்கை. 7-ஆம் டென்டனை நீங்கள் கேள்வி கேட்டதும், "லிஃப்ட்-ஆஃப் பண்ணிக் காட்டறோம் சார்" என்பார்கள். செய்தால் 117-ஏ வரும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். டிரா-இன்னின் பாதிப்பு 11.5 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது, அடைப்பு இருப்பதோ 18.7-இல். லைவ் எண்டில் விசை நல்ல டென்டனில் எப்படியோ அப்படியேதான் இங்கும் இருக்கும். கேஜும் லிஃப்ட்-ஆஃபும் சொல்வது ஜாக் இருக்கும் முனையின் விசையை மட்டும். மறுமுனை வரை விசை போனதா என்று சொல்லக்கூடியது நீட்சி ஒன்றுதான். அவர்கள் கேஜ் சரியாக வந்தது என்று சொன்னது உண்மைதான். ஆனால் டக்ட் அடைத்திருந்தாலும் கேஜ் சரியாகத்தான் வரும்.

இதன் விளைவு என்ன? 18.7-லிருந்து, இழுக்காத மறுமுனையான டெட் எண்டு வரை, அதாவது 11 மீட்டருக்கு மேல், அந்த நாலு ஸ்ட்ராண்டில் முன்இறுக்கம் இல்லை. கடைசி ஸ்பான் முழுவதும் அதில் அடங்கும். 48-இல் நாலு போனால் ஸ்லாப் விழுந்துவிடாது, ஆனால் அந்த ஸ்பானில் தொய்வும் விரிசலும் எல்லைக்குள் நிற்குமா, முறிவு வலிமை போதுமா என்பதை டிசைனர் அந்த நாலையும் கழித்துவிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது நீங்களோ பி.டி. ஆட்களோ சைட்டில் நின்று முடிவு செய்யும் விஷயம் இல்லை. நீங்கள் அவருக்கு எண்களைக் கொடுங்கள்: நாலு அளவும், 18.7 என்ற மதிப்பீடும், காற்று அடித்த முடிவும்.

அவர் போதாது என்றால், அந்த இடத்தில் சிறு ஜன்னல்போல் காங்கிரீட்டை உடைத்து, டக்டைத் திறந்து, இறுகியதை எடுத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். ஆனால் உடைப்பதற்கு முன் நாலு ஸ்ட்ராண்டின் விசையையும் அதற்குரிய ஸ்டூலை வைத்து முழுவதும் இறக்கிவிட வேண்டும். இழுத்து நிற்கும் கம்பிக்குப் பக்கத்தில் பிரேக்கர் வைப்பது உயிரோடு விளையாடுவது. டெட் எண்டு காங்கிரீட்டுக்குள் புதைந்திருப்பதால் ஸ்ட்ராண்டை உருவி வேறு போடவும் வழியில்லை, மறுபக்கத்திலிருந்து இழுக்கவும் வழியில்லை.

யாராவது "கொஞ்சம் கூட இழுத்தா நீட்சி வந்துடும்" என்று சொன்னால் அனுமதிக்காதீர்கள். இழுக்கும்போது முறிவு விசையில் 76 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை IS 1343. அது 139.6 கிலோநியூட்டன். நீங்கள் இருப்பது 138-இல். உங்களுக்கு மிச்சம் இருக்கும் இடம் 1.6 கிலோநியூட்டன்தான், அதில் வருவது இரண்டு மி.மீ. விடுபட்ட 65 மி.மீ. எப்படி வரும்? வந்தால் கம்பி அறுந்துதான் வரும்.

இப்போது அந்த 206. ஷீட்டில் அது 193-க்கு எதிரே பிளஸ் 6.7 சதவீதம் என்று இருக்கிறது. அமெரிக்க ACI 318 பி.டி. வேலைக்கு 7 சதவீதம் வரை விடுகிறது, அதை வைத்து இது பாஸ் என்று யாரோ பென்சிலில் டிக் போட்டிருக்கிறார்கள். உண்மையில் 206-உம் 6-உம் சேர்ந்து 212. சரியான அடிப்படையான 185-க்கு அது பிளஸ் 14.6 சதவீதம். அதே டக்டில் இருக்கும் மற்ற மூன்று ஸ்ட்ராண்டும் 176, 177, 179 என்று அடக்கமாக இருக்கின்றன. டக்டும் அதேதான், ஜாக்கும் அதேதான், காயிலும் அதேதான். ஆகவே கோளாறு அந்த ஒரு ஸ்ட்ராண்டோடு மட்டும் சேர்ந்தது.

கூடுதல் நீட்சியை நம் ஆட்கள் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வார்கள், நன்றாக இழுபட்டிருக்கிறது என்று. எனக்கு அதைப் பார்த்தால் குறைவைவிட அதிகக் கவலை வரும். விசை கூடாமல் நீட்சி மட்டும் 27 மி.மீ. கூடியிருக்கிறது என்றால், மறுமுனை நகர்ந்திருக்கலாம். டெட் எண்டில் வெங்காயம்போல் விரித்துவிட்ட கம்பிகளைச் சுற்றிக் காங்கிரீட் சரியாகப் போகாமல் ஹனிகோம்ப் இருந்தால், முழு விசை வரும்போது அது வழுக்கும். இன்னொரு வாய்ப்பு சாதாரணமானது: அந்த ஸ்ட்ராண்ட் மட்டும் தளர்வாகக் கிடந்து, நேராவதற்கு 27 மி.மீ. எடுத்திருக்கலாம். மூன்றாவது, பெயிண்ட் குறியைத் தப்பாகப் போட்டது.

மூன்றையும் பிரித்தறிய வால் இருப்பதால் முடியும். முதலில் ஒரு டார்ச்சோடு போய் வாலில் உள்ள குறியையும் ஆங்கர் முகத்தையும் நீங்களே ஸ்டீல் டேப்பில் அளங்கள். குறியின் விளிம்பு பக்கத்து மூன்றைப்போலக் கூர்மையாக இருக்கிறதா, ஸ்ப்ரே வழிந்து இரண்டு விளிம்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் தெளிவாகாவிட்டால் ஜாக்கை மாட்டி லிஃப்ட்-ஆஃப் பாருங்கள். 117-ஐ ஒட்டி வந்தால் லாக் ஆன பிறகு வழுக்கவில்லை என்று தெரியும். அங்கேயே நிறுத்தாமல் 138 வரை மெதுவாக ஏற்றுங்கள். வெட்ஜ் எழும்பிய இடத்திலிருந்து 138 வரை ஸ்ட்ராண்ட் வெளியே வர வேண்டியது, அன்று டிரா-இன்னில் உள்ளே போன அதே 6 மி.மீ.தான். 138-இல் ஐந்து நிமிடம் பிடித்து வையுங்கள். கேஜ் முள் நிலையாக நின்று, ஜாக்கும் நகராமல் இருந்தால் டெட் எண்டு பிடித்திருக்கிறது. அன்று வந்த கூடுதல் 27, தளர்வு. டிசைனரிடம் சொல்லி அந்தக் குறிப்போடு ஏற்றுக்கொள்ளலாம். மாறாக 10, 12 மி.மீ. என்று வந்துகொண்டே இருந்தாலோ, முள் மெல்ல மெல்ல இறங்கினாலோ டெட் எண்டு வழுக்குகிறது. உடனே விசையை இறக்கிவிட்டு டிசைனருக்குத் தெரிவியுங்கள். இந்தச் சோதனை நடக்கும்போது ஜாக்குக்கு நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, டெட் எண்டுக்கு மேலேயும் கீழேயும்கூட.

±5, ±7 என்ற எல்லைகளைப் பற்றி ஒன்று. தாண்டினால் நிராகரி, தாண்டாவிட்டால் ஏற்றுக்கொள் என்று அவற்றைப் படிக்கிறார்கள். ACI 318 சொல்வது, தாண்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய் என்பது. காரணத்தைத் தேட ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதைவிட ஷீட்டை மொத்தமாகப் பார்ப்பது நல்லது. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகியுங்கள்: கணக்கில் போட்ட எண், காயில், கேஜ். உங்களுடைய 43-உம் அப்படித்தான். ஒரு டக்ட் மட்டும் சாய்ந்தால் டக்ட். ஒரு ஸ்ட்ராண்ட் மட்டும் என்றால் அதன் இரண்டு முனைகள்.

கேஜ் என்றதும் ஒரு பழைய சைட் நினைவுக்கு வருகிறது. காலையில் இழுத்தவை எல்லாம் கணக்கை ஒட்டி இருந்தன, மதியத்துக்குப் பின் இழுத்தவை எல்லாம் 8, 9 சதவீதம் கூடுதல். அதே காயில், அதே நீளம். விசாரித்ததில், சாப்பாட்டு நேரத்தில் கேஜ் கண்ணாடி உடைந்ததால் வேறு பம்பிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். ஜாக்கையும் கேஜையும் ஜோடியாகத்தான் காலிபரேட் செய்வார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஜோடி மாறினால் சர்டிஃபிகேட் வெறும் காகிதம். மாற்றிய கேஜ் குறைவாகக் காட்டியதால் அன்று மதியம் முழுவதும் கூடுதலாக இழுத்திருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ராண்டில் ஒரு வயர் அறுந்தும் இருந்தது. ரெக்கார்டில் இழுத்த நேரத்துக்கு ஒரு நெடுவரிசை இருந்ததால்தான் இதைப் பிடிக்க முடிந்தது. உங்கள் ஷீட்டில் அந்த நெடுவரிசை காலியாக இருக்கிறது. கேஜ் எண், ஜாக் எண், காயில் எண் மூன்றையும் ஒவ்வொரு டென்டனுக்கும் எழுதச் சொல்லுங்கள், பக்கத்தின் தலைப்பில் ஒருமுறை எழுதி விட்டுவிடாமல்.

அடுத்த பகுதிக்கு ஒரு யோசனை. முதல் நாள் 25 சதவீதம் இழுத்து லாக் ஆன பிறகு, வேறு நிறத்தில் இரண்டாவது குறி போடுங்கள். நாலாம் நாள் முழு விசைக்கு லாக் ஆனதும் அந்தக் குறியிலிருந்து அளங்கள். தளர்வு எல்லாம் முதல் நாளே போய்விட்டிருக்கும். முதல் லாக்கில் ஒரு 6 மி.மீ., இரண்டாவது லாக்கில் ஒரு 6 மி.மீ., ஒன்றையொன்று கழித்துவிடும். ஆகவே நீங்கள் அளப்பது கூட்டல் கழித்தல் இல்லாத நீட்சியின் முக்கால் பங்கு: இந்த டென்டனுக்கு 185-இல் முக்கால், 139 மி.மீ. குறைந்த விசையில் வெட்ஜ் கொஞ்சம் குறைவாக இறங்கும் என்பதால் ஓரிரு மி.மீ. மாறலாம். பழைய குறியும் இருக்கட்டும். இரண்டு குறியும் காட்டும் வித்தியாசத்தில் எவ்வளவு தளர்வு இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

உங்கள் வரைபடத்தில் லிஃப்ட் பக்கம் 8 மீட்டர் டென்டன்கள் சில இருக்கின்றன. அவற்றில் நீட்சியே 53 மி.மீ. அளவில்தான் வரும், 5 சதவீதம் என்றால் இரண்டரை மி.மீ. டேப் பிடிக்கும் கோணத்திலும், வெட்ஜ் 6-க்குப் பதில் 8 உள்ளே போனாலும் அது போய்விடும். அவற்றுக்குச் சதவீதத்துக்குப் பதில் மி.மீ.-இல் ஒரு எல்லையை டிசைனரிடம் இழுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுத்த பிறகு கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும்.

ரெக்கார்டில் 193-ஐ அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 185 என்றும், காயில் எண், பரப்பு, மீள்குணகம் என்றும் எழுதி, டிசைனரின் கையெழுத்தை அதில் வாங்குங்கள். அளந்த எண்களை அப்படியே விட்டு, டிரா-இன் சேர்த்ததற்கு ஒரு புது நெடுவரிசை போடுங்கள். 43 வரியில் கையெழுத்து. 7-ஆம் டென்டனின் நாலு வரியிலும், 3-ஆம் டென்டனின் இரண்டாவது ஸ்ட்ராண்டிலும் "நிறுத்தி வைக்கப்பட்டது, வால் வெட்டக் கூடாது, கிரவுட் செய்யக் கூடாது" என்று தேதியோடு எழுதுங்கள். அந்த இரண்டு ஆங்கர் பாக்கெட்டிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். வெட்ட வருகிற பையன் ரெக்கார்டைப் பார்த்துவிட்டு வர மாட்டான்.